டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகும் ஏன் மாலை வரை காத்திருக்கிறோம்? கேஷ்லெஸ் கோப்பின் பயணம்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மாமாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கான லேப்ராஸ்கோப்பி அறுவை நடந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார். மாமா ஏற்காட்டில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சிறு விவசாயி. வயிற்றில் தையலோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் கடக்க வேண்டாம் என்று பத்தரைக்கே வண்டியை வரவழைத்துவிட்டார்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் வந்தது மாலை ஆறரைக்கு. இடைப்பட்ட ஒன்பது மணி நேரமும் குடும்பத்தில் எல்லோரும் காப்பீட்டு நிறுவனத்தையே திட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அந்த நேரத்தில் பாதிக்கும் மேல் கோப்பு மருத்துவமனையை விட்டு வெளியே போகவே இல்லை. காப்பீட்டோடு முதல்முறையாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கோப்பு யாரிடம் நிற்கிறது என்று தெரியாமல் யாரை விசாரித்தாலும் பயன் இல்லை.

கேஷ்லெஸ் என்பது மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் தங்களுக்குள் பணத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. நோயாளி முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியதில்லை; காப்பீட்டில் சேராத பகுதியை மட்டும் கட்டினால் போதும். பல நிறுவனங்கள் இந்தக் கோப்புகளைத் தாங்களே பார்க்காமல், டி.பி.ஏ. என்று அழைக்கப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகியிடம் ஒப்படைத்திருக்கின்றன. மருத்துவமனையில் இருக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க் இவர்களில் யாருடைய அலுவலகமும் அல்ல. பெரும்பாலும் அது மருத்துவமனையின் ஒரு பிரிவுதான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கிடையாது. கோப்பை அனுப்புவதும், வரும் கேள்விகளுக்குப் பதில் திரட்டுவதும், வந்த பதிலை நமக்குச் சொல்வதும்தான் அவர் வேலை. (முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு நடைமுறை வேறு. நான் இங்கே எழுதுவது, நாமே பிரீமியம் கட்டி எடுத்த பாலிசியைப் பற்றி.)

ஒப்புதல் இரண்டு முறை வர வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சேர்க்கையின்போது மருத்துவர் நோயின் விவரத்தையும் உத்தேசச் செலவையும் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் போகிறது. அதற்கு வருவது முதற்கட்ட ஒப்புதல். மாமாவுக்கு அப்படி வந்த தொகை 40,000 ரூபாய். பில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும் என்று கேள்விப்பட்டதும், மீதி முழுவதும் தன் தலையில்தான் என்று அவர் பயந்துவிட்டார். அது தவறான பயம். முதற்கட்டத் தொகை, சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதற்கான உறுதி மட்டுமே; அதுவே உச்சவரம்பு ஆகிவிடாது. டிஸ்சார்ஜின்போது இறுதி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், மருந்துப் பட்டியல் ஆகியவை போன பிறகு வரும் இறுதி ஒப்புதலில்தான் உண்மைக் கணக்கு இருக்கும். அதேபோல், முதற்கட்ட ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதற்காக இறுதியில் எதுவும் குறையாது என்றும் நம்பிவிட முடியாது.

இதற்கான கால வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கையில் வகுத்திருக்கிறது. கேஷ்லெஸ் கோரிக்கை வந்தால் உடனடியாக, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான கோரிக்கை மருத்துவமனையிலிருந்து கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதைத் தாண்டிய தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதேனும் வசூலித்தால், உதாரணமாக இன்னும் அரை நாள் அறை வாடகை, அதைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். நோயாளி சிகிச்சையின்போது இறந்துவிட்டால், கோரிக்கையை உடனே பரிசீலிப்பதோடு, உடலை மருத்துவமனையிலிருந்து தாமதமின்றிப் பெறவும் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த விதியில் 'கிடைத்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூன்று மணி நேரக் கடிகாரம் மருத்துவர் போகலாம் என்று சொன்ன கணத்தில் ஓடத் தொடங்குவதில்லை; கோரிக்கை நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்த கணத்தில்தான் தொடங்குகிறது.

மாமாவின் நாளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒன்பதரைக்கு மருத்துவர் சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பயிற்சி மருத்துவர் தட்டச்சு செய்து, பெரிய மருத்துவர் அறுவை அரங்கிலிருந்து வந்து கையெழுத்திடும்போது மணி பன்னிரண்டு. பயன்படுத்தாத மருந்துகளை வார்டிலிருந்து மருந்தகத்துக்குத் திருப்பிக் கொடுத்து, அது கணக்கில் கழிக்கப்பட்ட பிறகுதான் இறுதி பில் போட முடியும். அது ஒன்றேகாலுக்கு முடிந்தது. அதற்குள் டெஸ்கில் இருந்தவர் சாப்பிடப் போய்விட்டார். கோப்பு பதிவேற்றப்பட்டது இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. ஆக, நான்கு மணி நாற்பது நிமிடம் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாமா டிஸ்சார்ஜ் ஆகிறார் என்பதே தெரியாது. இந்த நேரத்தில் நிறுவனத்தின் இலவச எண்ணை அழைத்துச் சத்தம் போட்டால், கோரிக்கை இன்னும் வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். அது பொய்யும் அல்ல.

எனவே காலையில் பின்தொடர வேண்டியது வார்டு செவிலியரையும் பில்லிங் பிரிவையும்தான். சம்மரியில் கையெழுத்து ஆகிவிட்டதா, மருந்து திரும்பிவிட்டதா என்று கேட்க வேண்டும். முடிந்தால் முந்தின நாள் மாலையே, நாளை டிஸ்சார்ஜ் இருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு, சம்மரியின் வரைவைத் தயாராக வைக்கச் சொல்லலாம். வரைவில் பெயர், வயது, சேர்ந்த தேதி, நோயின் பெயர் எல்லாம் பாலிசியோடும் முதல் படிவத்தோடும் ஒத்துப்போகின்றனவா என்று நாமே ஒருமுறை படிப்பது நல்லது. பாலிசியில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலும் சம்மரியில் பின்னாலும் இருந்தால்கூடச் சில சமயம் கேள்வி வந்து நிற்கும்.

பதிவேற்றியதும் டெஸ்கிடம் இரண்டு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: கிளெய்ம் எண், அனுப்பிய சரியான நேரம். அவர்கள் கணினித் திரையைப் படமெடுக்க விடாவிட்டாலும் நேரத்தைச் சொல்ல மறுக்க மாட்டார்கள். அந்த டெஸ்கில் ஒருவரே ஒரே நாளில் பல கோப்புகளைப் பார்க்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். "என்னங்க ஆச்சு?" என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்டால், "இன்னும் வரலைங்க" என்ற பதில்தான் வரும். "கடைசியாக எப்போது திரையைப் பார்த்தீர்கள், ஏதாவது குவெரி வந்திருக்கிறதா?" என்று கேட்டால் அவர் திரையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

குவெரி என்பது காப்பீட்டுத் தரப்பு எழுப்பும் விளக்கக் கேள்வி. என் அனுபவத்தில் நேரம் அதிகம் வீணாகும் இடம் இதுதான். கேள்வியை அனுப்பியதும் பந்து மருத்துவமனைப் பக்கம் வந்துவிட்டது என்று டி.பி.ஏ. கையைக் கட்டிக்கொள்ளும், கேள்வி வந்திருப்பதே தெரியாமல் டெஸ்க் காத்திருக்கும், இருவரும் எதிர்த்தரப்பிடம் நிலுவை என்று நம்மிடம் சொல்வார்கள். மாமாவின் கோப்பில் மூன்று இருபதுக்கு ஒரு குவெரி வந்திருந்தது. கல் முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது, முந்தைய ஸ்கேன் ஏதேனும் உண்டா என்பது கேள்வி. பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்ததா, அந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதை உறுதிசெய்யவே இப்படிக் கேட்பார்கள். நாங்கள் டி.பி.ஏ.வின் எண்ணை நேரடியாக அழைத்து, கிளெய்ம் எண்ணைச் சொல்லி விசாரித்தபோதுதான் அது தெரியவந்தது. டெஸ்கில் அதைப் பார்த்தபோது மணி நான்கே கால். மாமியின் கைப்பையில் முதல் ஸ்கேன் அறிக்கை இருந்தது. கல் எப்போது கண்டறியப்பட்டது என்று மருத்துவர் தம் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நான்கு ஐம்பதுக்குப் பதில் போயிற்று. ஆறரைக்கு ஒப்புதல் வந்தது.

கணக்குப் போட்டால் கோப்பு காப்பீட்டுத் தரப்பிடம் இருந்தது முதலில் ஒரு மணி பத்து நிமிடம், பிறகு ஒரு மணி நாற்பது நிமிடம். மொத்தம் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. கேள்வி எழுப்பப்பட்டால் பதில் வந்த பிறகே கடிகாரம் ஓடும் என்று நிறுவனங்கள் வழக்கமாக வாதிடும். ஆனால் முதற்கட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டிய ஒன்றை டிஸ்சார்ஜ் நேரத்தில் கேட்பது நியாயமா என்று நாமும் திருப்பிக் கேட்கலாம். மாமாவின் முதல் படிவத்திலேயே நோயின் பெயர் இருந்தது. மூன்று நாட்கள் அவர்களுக்கு இருந்தன.

மூன்று மணி நேரம் உண்மையிலேயே கடந்துவிட்டால் தொலைபேசியோடு நிற்காமல் எழுத்தில் போக வேண்டும். பாலிசி ஆவணத்தில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கும் குறைதீர் அலுவலர் முகவரிக்கும் ஒரே மின்னஞ்சல் போதும், இந்த அளவுக்குச் சுருக்கமாக இருக்கலாம்: "பாலிசி எண் இது, கிளெய்ம் எண் இது. டிஸ்சார்ஜ் கோரிக்கை இன்று பிற்பகல் 2.10 மணிக்கு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டது. குவெரி எதுவும் நிலுவையில் இல்லை என்று டெஸ்க் தெரிவிக்கிறது. மூன்று மணி நேரம் கடந்துவிட்டது. இதனால் மருத்துவமனை வசூலிக்கும் கூடுதல் வாடகையை 2024 சுற்றறிக்கையின்படி தாங்கள் ஏற்க வேண்டும். கோப்பு எந்த நிலையில் உள்ளது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." கோபச் சொற்கள் தேவையில்லை, நேரம்தான் பேச வேண்டும்.

ஒப்புதல் வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் அவசரத்தில் செய்வது, டெஸ்க் சொல்லும் தொகையைக் கட்டிவிட்டுக் கிளம்புவது. மாமாவிடம் சொல்லப்பட்ட தொகை 33,067 ரூபாய். மொத்த பில் 94,400, ஒப்புதல் 61,333. ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்டபோது "ரூம் ரென்ட் லிமிட்டுங்க" என்றார்கள். அது பாதி உண்மைதான். ஒப்புதல் கடிதத்தோடு வரும் கழிவு விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் மீதிப் பாதி தெரிந்தது.

மாமாவின் பாலிசி மூன்று லட்ச ரூபாய்க்கானது. அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. அவர் தங்கிய அறையின் வாடகை 4,500. மூன்று நாளுக்கு 13,500 ஆன வாடகையில் 9,000தான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் வெட்டு அத்தோடு நிற்காது. உயர்ந்த அறையில் தங்கினால் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு போன்ற கட்டணங்களும் அந்த அறைக்கு ஏற்ப உயர்வதால், அவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 4,500க்கு 3,000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. மாமாவுக்கு இந்த இனங்களில் ஆன 48,000 ரூபாயில் 32,000 மட்டுமே ஏற்கப்பட்டது. வாடகையில் போனது 4,500 என்றால், அதன் நிழலில் போனது 16,000. முதல்முறை கேட்பவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் பாலிசியில் அப்படிப்பட்ட நிபந்தனை இருந்தால் செல்லும். அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் மட்டும் இப்படிக் குறைக்கக் கூடாது. அதனால், உங்கள் மருத்துவமனையில் அறுவைக் கட்டணம் எல்லா அறைக்கும் ஒன்றுதானா என்று பில்லிங்கில் கேட்டு, ஆம் என்றால் அதை எழுதி வாங்குவது வீண் வேலையாகாது.

பிழை இருந்தது அடுத்த இரண்டு வரிகளில். மருந்து, அறுவையில் செலவாகும் நுகர்பொருட்களுக்கு 21,000, பரிசோதனை, ஸ்கேனுக்கு 9,500, ஆக 30,500 ரூபாய். அதையும் மூன்றில் இரண்டாக்கி 20,333 மட்டுமே கொடுத்திருந்தார்கள். மாத்திரையின் விலை அறையைப் பொறுத்து மாறாது. மருந்து, நுகர்பொருள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த விகிதக் கழிவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் அதே விலக்கு உண்டு. எனவே ஏற்கப்பட்டிருக்க வேண்டிய தொகை 9,000, 32,000, 21,000, 9,500 ஆகியவற்றின் கூட்டலான 71,500. குறைத்துக் கொடுத்தது 10,167 ரூபாய்.

மீதி 2,400 ரூபாய் துணைக்கு இருந்தவரின் உணவு, துணி வெளுப்பு, தெர்மாமீட்டர், கையுறை போன்றவற்றுக்கானது. பாலிசியில் தனியாகச் சேர்க்கப்படாதவரை இவற்றை நாமேதான் ஏற்க வேண்டும். இதில் சண்டையிட எதுவும் இல்லை. ஆனால் கோப்புத் திறப்புக் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம் போன்றவை அறை வாடகைக்குள் அடங்கியவையாகக் கருதப்பட வேண்டியவை. அவை தனி வரியாக வந்திருந்தால் பில்லிங்கில் கேட்கலாம். கழிவு விவரத்தில் ஒப்பந்தக் கட்டணத்தை மீறிய தொகை என்று ஏதேனும் வெட்டப்பட்டிருந்தால், அது மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம். பொதுவாக அவர்கள் ஒப்பந்தப்படி அதை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது.

பிழையைக் கண்டுபிடித்த கையோடு, திருத்தப்பட்ட ஒப்புதல் கோரும்படி டெஸ்கிடம் சொன்னோம். அனுப்பலாம், ஆனால் இன்றிரவு வருமா என்று தெரியாது என்றார். மணி ஏழரை. மலைமேல் மூடுபனி இறங்கியிருந்தது. கட்டிவிட்டுப் போவோம் என்றார் மாமா. இந்த நிலையில் கட்டுவது தோல்வியல்ல. எப்படிக் கட்டுகிறோம் என்பதே முக்கியம். "கழிவுக் கணக்கில் 10,167 ரூபாயை ஏற்கவில்லை, உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று பில்லின் நகலில் எழுதிக் கையெழுத்திட்டு டெஸ்கில் ஒரு பிரதியைக் கொடுத்தார். இறுதி ஒப்புதல் கடிதம், கழிவு விவரம், இன வாரியான பில், மருந்துப் பட்டியல், சம்மரி, கட்டிய ரசீது ஆகியவற்றை அன்றே வாங்கிக்கொண்டோம். சேர்க்கையின்போது கட்டிய முன்பணம் 10,000 ரூபாயை இந்த 33,067இல் கழித்துக்கொண்டார்களா என்பதையும் ரசீதில் சரிபார்த்தோம். அவசரத்தில் அது தனியே கிடந்துவிட்டால், பிறகு அதற்காக ஒருமுறை மலை இறங்க வேண்டியிருக்கும்.

மறுநாள் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் மின்னஞ்சலில் போனது. மேலே நான் போட்ட கணக்கே அதில் நான்கு வரிகளாக இருந்தது. அறை வாடகைக் கழிவையும் அறுவைக் கட்டணக் கழிவையும் ஏற்கிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். எல்லாவற்றையும் எதிர்த்தால், சரியான புகாரும் அதில் மூழ்கிப்போகும்.

அங்கே பதில் வராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில், bimabharosa.irdai.gov.in என்ற முகவரியில், அல்லது 155255 என்ற எண்ணில் புகாரைப் பதியலாம். அதற்கும் மேலே, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

சிலருக்குக் கேஷ்லெஸே மறுக்கப்பட்டுவிடும். அதைப் பாலிசியே செல்லாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே உறுதி தர எங்களால் முடியவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். பணத்தைக் கட்டிவிட்டு ஆவணங்களோடு திரும்பக் கோரும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. கோரிக்கையையே நிராகரிப்பதானால், நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்த பிறகே அப்படிச் செய்ய முடியும். பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கப்படுகிறது என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மாமாவின் விஷயத்தில் பீமா பரோசா வரை போக நேரவில்லை. மூன்றாவது வாரம் 10,167 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வந்தது, விளக்கக் கடிதம் எதுவும் இல்லாமல். கையை விட்டுப் போனது 22,900. அதில் 20,500 ரூபாய் அந்த 4,500 ரூபாய் அறைக்காகப் போனது. சேர்க்கையன்று 3,000 ரூபாய் அறை காலியாக இருந்ததா என்று அன்று யாரும் கேட்கவில்லை.